குடும்ப விசேஷ அறிவிப்பைச் சீரமைத்தல்: தேதியும் இடமும் வேலைகளும் கண்ணில் பட எழுதும் முறை

வீட்டில் ஒரு விசேஷம் முடிவானவுடன் பெரியவர் ஒருவர் நீளமாக ஒரு செய்தியை எழுதிவிட்டு, "இதைக் கொஞ்சம் சரிபார்த்துக் குழுவில் போட்டுவிடு" என்று வீட்டிலுள்ள இளையவர் ஒருவரிடம் ஒப்படைப்பது வழக்கம். அந்த இளையவர் எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தி அனுப்பிவிட்டால், அன்று மாலைக்குள் "எந்தக் கோயில்?", "எத்தனை மணிக்கு?", "நான் ஏதாவது கொண்டுவர வேண்டுமா?" என்று புலனக் குழுவில் கேள்விகள் வரிசையாக வந்து நிற்கும். விடைகளில் பாதி அந்தச் செய்திக்குள்ளேயே இருக்கும். ஆனால் அவை யார் கண்ணிலும் பட்டிருக்காது. இத்தகைய செய்தியை எப்படிப் பிரித்து, எதைக் கேட்டறிந்து, எந்த வரிசையில் திரும்ப எழுதுவது என்பதை ஒரே எடுத்துக்காட்டைக் கொண்டு இங்கே விளக்குகிறேன். எடுத்துக்காட்டில் வரும் குடும்பமும் பெயர்களும் கற்பனையானவை. குழப்பங்கள் மட்டும் எல்லா வீடுகளுக்கும் உரியவை.

இதில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நீண்ட அறிவிப்பு என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஒரே காகிதத்தில் எழுதப்பட்ட இரண்டு கடிதங்கள். ஒன்று அழைப்பு, அது குழுவில் உள்ள அனைவருக்கும் உரியது. மற்றொன்று வேலைப் பங்கீடு. அது ஏழெட்டுப் பேருக்கு மட்டும் உரியது. இரண்டும் கலந்து கிடப்பதால் விருந்தினர் தமக்குத் தேவையில்லாத வேலை விவரங்களைக் கடந்துபோக வேண்டியிருக்கிறது. வேலை செய்ய வேண்டியவரோ தம் பெயர் எங்கே வருகிறது என்று தேட வேண்டியிருக்கிறது. ஆகவே சீரமைப்பு என்பது அடிப்படையில் இந்த இரண்டையும் பிரித்தெடுக்கும் வேலைதான்.

வந்த செய்தி

பிறையில் நடக்கவிருக்கும் ஒரு மணிவிழாவைப் பற்றி மூத்த மகன் எழுதியது இது:

"இறைவன் திருவருளால் அனைவருக்கும் வணக்கம். குடும்பத்தார் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். அப்பாவுக்கு 60 வயது நிறைவடைவதை முன்னிட்டுப் பிள்ளைகள் நாங்கள் சேர்ந்து மணிவிழா செய்யலாம் என்று முடிவு செய்திருக்கிறோம், அம்மாவும் ஒத்துக்கொண்டார்கள். முதலில் கோலாலம்பூரில் வைப்பதாக இருந்தது, பிறகு சொந்தபந்தம் எல்லாம் வடக்கே இருப்பதால் பினாங்கிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று பெரியப்பா சொன்னார்கள். வரும் 30ஆம் தேதி கோயிலில் ஹோமம், ஐயர் 7.30க்குத் தொடங்கிவிடுவார், மாங்கல்யதாரணம் 9 மணிக்கு மேல், எல்லாரும் சீக்கிரம் வந்துவிடவும். முடிந்ததும் சாப்பாடு வழக்கமான டேவானில் 12 மணி. குமார் மாலைக்குச் சொல்லிவிடு. சீர்த்தட்டு அத்தை வீட்டிலிருந்து வரும், தட்டு ஏந்தப் பெண்பிள்ளைகள் வேண்டும். மறுநாள் சுதந்திர தின விடுமுறை, கே.எல். ஆட்கள் சாலை நெரிசலைப் பார்த்துக்கொள்ளவும். தங்க இடம் வேண்டுமானால் தேவியிடம் சொல்லவும். எத்தனை பேர் வருகிறீர்கள் என்று சொன்னால் கேட்டரிங்காரரிடம் சொல்ல வசதியாக இருக்கும். கூடாரம் தேவைப்படாது என்று நினைக்கிறோம். அனைவரும் வந்து சிறப்பிக்க வேண்டும்."

இது மோசமான செய்தி அன்று. அன்போடு, பேசுகிற வேகத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. பேச்சில் எதிரில் இருப்பவர் குறுக்கே கேட்டுத் தெளிந்துகொள்வார். கைப்பேசியில் அந்த வசதி இல்லை என்பதே இதன் சிக்கல்.

பிரித்துப் பார்த்தல்

செய்தியை அப்படியே நகலெடுத்துக் கைப்பேசியின் குறிப்பேட்டில் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்தையும் தனி வரியாக உடையுங்கள். பிறகு ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஓர் எழுத்தை இடுங்கள்: விவரமானால் 'வி', யாராவது செய்ய வேண்டிய வேலையானால் 'வே', மரியாதை வாக்கியமானால் 'ம', முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்னும் கதையானால் 'க'. இந்தக் கட்டத்தில் ஒரு சொல்லைக்கூடத் திருத்த வேண்டாம். திருத்தத் தொடங்கினால் நடையில் கவனம் போய்விடும். விடுபட்டது எது என்பது தெரியாமலே போய்விடும்.

மேலே உள்ள செய்தியில் 'க' என்று குறிக்கத்தக்கவை இரண்டு: அம்மா ஒத்துக்கொண்டது, கோலாலம்பூரில் வைக்கவிருந்ததைப் பெரியப்பா சொல்லி மாற்றியது. இரண்டாவது வாக்கியம் வேண்டாதது மட்டுமன்று, ஆபத்தானதும்கூட. அவசரமாகப் படிப்பவர் கண்ணில் செய்தியின் முதல் ஊர்ப்பெயராகப் படுவது கோலாலம்பூர்தான்; அதையே இடமென்று எடுத்துக்கொண்டு, பிறகு வேறு எவரிடமாவது அப்படியே சொல்லியும் விடுவார். ஆயினும் அந்த வாக்கியத்தில் பெரியப்பாவுக்குரிய மரியாதை ஒன்று ஒளிந்திருக்கிறது. அதை வெட்டினால் அண்ணன் முகம் சுளிப்பார். கதையை எடுத்துவிட்டு, "பெரியப்பா தலைமையில்" என்று அழைப்பில் ஒரு சொற்றொடரைச் சேர்த்தால் மரியாதையும் நிற்கும், குழப்பமும் போகும். வெட்டுகிற ஒவ்வொரு 'க' வரியிலும் யாருடைய பெயர் போகிறது என்று பார்த்துக்கொள்வது இந்த வேலையில் பழக வேண்டிய முதல் நிதானம்.

விடுபட்டதைக் கேட்டறிதல்

அடுத்து, 'வி', 'வே' என்று குறித்த வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, நம் வீட்டைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர் படிப்பதாக எண்ணிப் பாருங்கள். அப்போதுதான் ஓட்டைகள் தெரியும். "அப்பா" என்பவர் யார்? அண்ணனுக்கு அப்பாவாக இருப்பவர் குழுவில் மற்றவர்களுக்குச் சித்தப்பா, மாமா, பெரியப்பா. குழுவில் படிக்கும் ஒவ்வொருவருக்கும் சொந்த அப்பா ஒருவர் உண்டு. "30ஆம் தேதி" எந்த மாதத்தில்? எந்தக் கோயில்? "வழக்கமான டேவான்" என்பது பிறையில் இருப்பவர்களுக்கு வழக்கமானது. கிள்ளானில் வாழ்க்கைப்பட்ட மருமகளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. குமார் என்ற பெயரில் நம் குடும்பங்களில் குறைந்தது இருவர் இருப்பார்கள். தட்டு ஏந்த எத்தனை பேர் வேண்டும்? வருவோர் எண்ணிக்கையை யாரிடம், எப்போதைக்குள் சொல்ல வேண்டும்? கூடாரம் உண்டா, இல்லையா?

இந்தக் கேள்விகளைக் குழுவில் கேட்காதீர்கள். குழுவில் கேட்டால் அண்ணன் விடை சொல்வதற்கு முன்பே ஐந்து பேர் தத்தம் ஊகத்தைச் சொல்லிவிடுவார்கள். அந்த ஊகங்களே பிறகு செய்தியாகப் பரவும். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு அண்ணனை ஒரே அழைப்பில் பிடியுங்கள். கேட்கும் விதத்திலும் ஒரு நயம் வேண்டும். "நீங்கள் எழுதியதில் இது இல்லை" என்பதைவிட, "அண்ணே, கே.எல். ஆட்களுக்கு வழி தெரியாது, கோயில் பெயரைச் சேர்த்துக்கட்டுமா?" என்பது நல்லது. கூடாரத்தைப் போல முடிவாகாத செய்திகளுக்கு அண்ணனாலும் விடை சொல்ல முடியாமல் போகலாம். அப்படியானால் அந்த வரியை அறிவிப்பிலிருந்து நீக்கிவிடுங்கள். முடிவாகாததை அறிவித்தால் அதைப் பற்றியே குழுவில் பேச்சு வளரும்.

தேதியும் நேரமும்

தேதியை எழுதும்போது கிழமை, நாள், மாதம், ஆண்டு ஆகிய நான்கையும் சேர்த்து, மாதத்தை எண்ணாக இல்லாமல் பெயராகவே எழுதுங்கள்: ஞாயிறு, 30 ஆகஸ்ட் 2026. எழுதியவுடன் நாள்காட்டியைத் திறந்து கிழமையும் தேதியும் ஒத்துப்போகின்றனவா என்று ஒரு முறை பாருங்கள். இரண்டும் முரண்பட்டால் சிலர் கிழமையை நம்புவார்கள், சிலர் தேதியை நம்புவார்கள். எந்தப் பக்கம் எத்தனை பேர் என்பது விசேஷ நாளன்றுதான் தெரியவரும்.

"வரும் ஞாயிறு", "அடுத்த வாரம்" போன்ற சொற்களை முழுவதுமாகத் தவிர்க்க வேண்டும். குழுவில் போட்ட செய்தி அங்கேயே நிற்பதில்லை; அம்மா வழிக் குழுவுக்கும், கோயில் நண்பர்கள் குழுவுக்கும், அலுவலக நண்பர்களுக்கும் போகும். பத்து நாள் கழித்து அதைப் படிப்பவருக்கு "வரும் ஞாயிறு" என்பது வேறொரு ஞாயிறாகிவிடும்.

நம் எடுத்துக்காட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. 31 ஆகஸ்ட் சுதந்திர தினம். 2026இல் அது திங்கட்கிழமை வருகிறது. விசேஷம் அதற்கு முந்தைய நாள். செய்தியில் இரண்டும் அருகருகே வருவதால், "விடுமுறை நாளில்தானே மணிவிழா" என்று சிலர் மனத்தில் பதித்துக்கொள்வார்கள். ஆகவே விடுமுறை பற்றிய குறிப்பைத் தேதிக்குப் பக்கத்தில் வைக்காமல், பயணம் பற்றிய வரியில் "மறுநாள் திங்கள் விடுமுறை" என்று தனியே வைக்க வேண்டும். பெரியவர்கள் தமிழ் மாதத் தேதியையும் நட்சத்திரத்தையும் சேர்க்கச் சொன்னால் தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் அது அழைப்பின் உடலில் வரட்டும், தலைப்பு வரியில் வேண்டாம். ஒரே வரியில் இரண்டு எண்கள் இருந்தால் எது நாள் என்று தேட வேண்டியதாகிவிடும்.

நேரத்தைப் பொறுத்தவரை, சடங்கு தொடங்கும் நேரம் வேறு, விருந்தினர் வந்து சேர வேண்டிய நேரம் வேறு. ஹோமத்துக்கு 7.30 மணிக்கே இருக்க வேண்டியவர்கள் வீட்டு மனிதர்கள் மட்டுமே. உறவினர்கள் மாங்கல்யதாரணத்துக்கு இருந்தால் போதும். இரண்டையும் பொதுவாகச் சொல்லி, "சீக்கிரம் வந்துவிடவும்" என்று முடித்தால், அலோர் ஸ்டாரிலிருந்து வரும் பாட்டி விடியற்காலையில் புறப்பட்டு வந்து கோயில் வாசலில் காத்திருப்பார். "காலை 8.45க்குள் வரவும்" என்று ஒரே நேரத்தைச் சொன்னால் போதும், 7.30 என்பது வேலைப் பங்கீட்டில் மட்டும் வரட்டும். "12 மணி" என்று இருப்பதை "நண்பகல் 12.00" என்று எழுதுங்கள். உணவு எத்தனை மணிக்கு முடியும் என்பதையும் சொல்லுங்கள். தெற்கே நீண்ட பயணம் திரும்ப வேண்டியவர்கள் அதைக் கொண்டுதான் புறப்படும் நேரத்தையும் ரயில் சீட்டையும் முடிவு செய்வார்கள்.

இடம்: பினாங்கு என்றால் எந்தப் பினாங்கு?

பினாங்கு மாநிலம் தீவும் பெருநிலமுமாக இரண்டு பகுதிகளைக் கொண்டது. ஆனால் கோலாலம்பூர்வாசி "பினாங்கு" என்று கேட்டவுடன் நினைப்பது தீவைத்தான். பாலத்தையும், ஜார்ஜ்டவுனையும், தண்ணீர்மலையையும்தான். பிறை இருப்பதோ பெருநிலப் பகுதியில். தெற்கேயிருந்து நெடுஞ்சாலையில் வருபவர் பாலத்துக்கு முன்பே திரும்பிவிட வேண்டும். "பினாங்கில் மணிவிழா" என்று மட்டும் படித்துவிட்டு வருபவர், நீண்ட விடுமுறை வாரத்தின் நெரிசலில் பாலத்தைக் கடந்து தீவுக்குப் போய், பிறகு அதே பாலத்தில் திரும்பி வர நேரும். அதற்குள் மாங்கல்யதாரணம் முடிந்துவிடும். இதற்காகவே அறிவிப்பில், "பிறை பெருநிலப் பகுதியில் உள்ளது, பாலத்தைக் கடக்க வேண்டாம்" என்று ஒரு முழு வரி ஒதுக்குவது தகும். ரயிலில் வருபவர்களுக்கும் "பட்டர்வொர்த் நிலையத்தில் இறங்கவும்" என்று ஒரு வரி தேவை.

நம் எடுத்துக்காட்டில் இரண்டு இடங்கள் இருக்கின்றன: கோயில், டேவான். இரண்டுக்கும் தனித்தனி வரைபட இணைப்பு வேண்டும். ஒவ்வோர் இணைப்புக்கும் மேலே அது எதற்கானது என்ற பெயர் வேண்டும். இரண்டு இணைப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பெயரில்லாமல் ஒட்டினால், மதிய உணவுக்கு மட்டும் வருபவர் கோயிலுக்குப் போய் நிற்பார். ஒவ்வோர் இணைப்பையும் உங்கள் கைப்பேசியில் அல்லாமல் வேறொருவர் கைப்பேசியில் திறந்து பாருங்கள். அது டேவானின் வாசலைக் காட்டுகிறதா, அல்லது அந்தத் தாமானின் நடுப்புள்ளியைக் காட்டுகிறதா என்பது அப்போது தெரியும்.

முகவரியைத் தமிழில் எழுதுவது அழகுதான். ஆனால் வேஸில் தட்டச்சு செய்பவருக்கும் சாலைப் பலகையைப் பார்த்து வருபவருக்கும் மலாய்ப் பெயர் ரோமன் எழுத்தில், `Jalan`, `Lorong`, `Taman` என்று பலகையில் உள்ளபடியே வேண்டும். எனவே இடத்தின் பெயர் தமிழில் ஒரு வரி, முகவரி பலகையில் உள்ள எழுத்தில் ஒரு வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாரியம்மன் கோயில் என்று மட்டும் எழுதினால் போதாது என்பதை நம் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. எந்தச் சாலையில் உள்ள மாரியம்மன் என்பது கட்டாயம் வேண்டும்.

வேலைகள்

வேலை பற்றிய ஒவ்வொரு வரியிலும் நான்கு விவரங்கள் இருக்க வேண்டும்: யார், எதை, எவ்வளவு, எப்போது எங்கே. இவற்றில் ஒன்று குறைந்தாலும் அந்த வேலை பாதியில் நிற்கும். "குமார் மாலைக்குச் சொல்லிவிடு" என்ற வரியைப் பாருங்கள். எந்தக் குமார், எத்தனை மாலை, உதிரிப்பூவும் சேர்த்தா, எத்தனை மணிக்கு எங்கே கொண்டுவர வேண்டும் என்பது எதுவுமே இல்லை. இரண்டு குமார்களும், "மற்றவர் பார்த்துக்கொள்வார்" என்று இருந்துவிடலாம். அல்லது இருவருமே மாலை வாங்கி வந்துவிடலாம். நம் குடும்பங்களில் வழக்கமாகச் சொல்வது போல ஊர்ப்பெயரைச் சேர்த்துப் பிறை குமார், கிள்ளான் குமார் என்றே எழுதுங்கள்.

அடுத்த சிக்கல், பெயரில்லாத வேலை. "தட்டு ஏந்தப் பெண்பிள்ளைகள் வேண்டும்" என்று எல்லாரிடமும் கேட்டால் எவரிடமும் கேட்கவில்லை என்றே பொருள். அந்த வேலைக்குப் பொறுப்பாக ஒருவரைப் போட்டு, "11 பேரைச் சேர்ப்பது சரசு அத்தை, விருப்பமுள்ளவர்கள் 23 ஆகஸ்டுக்குள் அவரிடம் சொல்லவும்" என்று எழுத வேண்டும். ஒருவர் பெயரைப் போடுவதற்கு முன் அவரிடம் தொலைபேசியில் சம்மதம் கேட்டுவிடுங்கள். கேட்காமல் குழுவில் பெயரைப் போட்டு, அவர் அங்கேயே மறுக்க நேர்ந்தால் இரு வீடுகளுக்கும் மனவருத்தம்தான்.

வருவோர் எண்ணிக்கைக்குப் புலனத்தில் உள்ள வாக்கெடுப்பு வசதி பயன்படும். ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. வாக்கெடுப்பு எண்ணுவது வாக்குகளைத்தான், தலைகளை அன்று. "வருகிறோம் / வரவில்லை" என்று இரண்டே தெரிவுகள் வைத்தால், ஐந்து பேர் கொண்ட குடும்பத்தில் அப்பா மட்டும் வாக்களித்து ஒன்று என்று பதிவாகும். இன்னொரு வீட்டில் மூவரும் தனித்தனியே வாக்களிப்பார்கள். அந்த எண்ணை நம்பிக் கேட்டரிங்காரரிடம் சொன்னால் இலை போதாது. ஆகவே கேள்வியை, "உங்கள் வீட்டிலிருந்து எத்தனை பேர்? (வீட்டுக்கு ஒருவர் மட்டும் பதிலளிக்கவும்)" என்று கேட்டு, "வர இயலவில்லை", "1 பேர்", "2 பேர்" என்று தெரிவுகளை வையுங்கள். ஒரு வாக்கெடுப்பில் 12 தெரிவுகள் வரை வைக்கலாம் என்பதால் பெரிய குடும்பத்துக்கும் இடம் உண்டு. ஒருவர் பல தெரிவுகளைத் தொடும் வசதியை அணைத்துவிடுங்கள். யார் எதைத் தெரிவு செய்தார் என்பது வாக்கெடுப்பிலேயே தெரியும்; ஒரே வீட்டிலிருந்து இருவர் பதிலளித்திருந்தால் கண்டுபிடித்துக் கழித்துவிடலாம்.

எழுத்தைத் தடித்துக் காட்டுதல்

புலனத்தில் ஒரு சொல்லின் இருபுறமும் `*` என்னும் உடுக்குறியை இட்டால் அது தடித்த எழுத்தாகும். குறிக்கும் எழுத்துக்கும் நடுவே இடைவெளி விடக் கூடாது; விட்டால் உடுக்குறி உடுக்குறியாகவே தெரியும். தமிழில் எழுதும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உருபைக் குறிக்கு வெளியே விட்டு எழுதினால் குறி சரியாக வேலை செய்யாமல் போகலாம். ஆகவே சொல்லை உருபோடு சேர்த்தே குறிகளுக்குள் வையுங்கள்:

```
சரி:    *ஞாயிற்றுக்கிழமைக்குள்* சொல்லவும்
தவறு:  *ஞாயிற்றுக்கிழமை*க்குள் சொல்லவும்
தவறு:  * ஞாயிற்றுக்கிழமைக்குள் * சொல்லவும்
```

இரண்டு வரிகளைத் தடிக்க வேண்டுமானால் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியே குறியிடுங்கள். எதையெல்லாம் தடிப்பது என்பதில் என் கருத்து கண்டிப்பானது: அழைப்பில் தலைப்பும், தேதியும் ஊரும் உள்ள வரியும், எண்ணிக்கை சொல்வதற்கான கெடுவும் மட்டும். வேலைப் பங்கீட்டில் தலைப்பும் பெயர்களும் மட்டும். "அனைவரும்", "கட்டாயம்", "மறவாமல்" என்று தடித்துக்கொண்டே போனால் செய்தி முழுவதும் உரக்கப் பேசுவது போலாகிவிடும். தேதி அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போகும். பூச்செண்டுப் படங்களுக்கும் விளக்குப் படங்களுக்கும் இதே விதிதான்.

குழுப் பட்டியலிலும் கைப்பேசியின் அறிவிப்புத் திரையிலும் செய்தியின் தொடக்கம் மட்டுமே தெரியும். நீளமான செய்தி குழுவுக்குள்ளும் பாதியில் மடிக்கப்பட்டுவிடும். "இறைவன் திருவருளால் அனைவருக்கும் வணக்கம்" என்று தொடங்கினால் அந்த இடம் முழுவதையும் வணக்கமே எடுத்துக்கொள்ளும். அதற்காகக் கடவுளை விட்டுவிட்டுத் தொடங்கினீர்கள் என்று எந்தப் பெரியவரும் வருந்த வேண்டியதில்லை. பிள்ளையார் சுழி ஒரே எழுத்துதான். அதை முதலில் இட்டு, அடுத்த வரியிலேயே விசேஷத்தையும் தேதியையும் சொல்லிவிட்டு, வணக்கத்தை அதன் பிறகு வைக்கலாம்.

சீரமைத்த அழைப்பு

```
உ
*இராமையா – சரோஜா மணிவிழா*
*ஞாயிறு, 30 ஆகஸ்ட் 2026, பிறை*

அனைவருக்கும் வணக்கம். இறைவன் திருவருளால்,
பெரியப்பா தலைமையில் எங்கள் பெற்றோரின் மணிவிழா
நடைபெறவுள்ளது. குடும்பத்தோடு வந்து சிறப்பிக்க
வேண்டுகிறோம்.

காலை 8.45க்குள்: மாரியம்மன் கோயில், பிறை
(முகவரி, வரைபட இணைப்பு)

நண்பகல் 12.00 – 2.30: மதிய உணவு, தாமான் டேவான்
கோயிலிலிருந்து காரில் 5 நிமிடம்
(முகவரி, வரைபட இணைப்பு)

பிறை பெருநிலப் பகுதியில் உள்ளது; பாலத்தைக் கடக்க
வேண்டாம். ரயிலில் வருவோர் பட்டர்வொர்த்தில் இறங்கவும்.
மறுநாள் திங்கள் விடுமுறை; சாலையில் நெரிசல் இருக்கும்.

எத்தனை பேர் என்பதைக் கீழுள்ள வாக்கெடுப்பில்
*16 ஆகஸ்ட், ஞாயிற்றுக்கிழமைக்குள்* குறிக்கவும்.

– பிள்ளைகள் (அறிவிப்பு நாள்: 2 ஆகஸ்ட்)
```

வேலைப் பங்கீடு தனிச் செய்தியாக, வேலை செய்வோர் மட்டும் உள்ள சிறு குழுவில் போகட்டும். அப்படிக் குழு இல்லையென்றால் இதையே பொதுக் குழுவில் அழைப்புக்கு அடுத்ததாகப் போடலாம்.

```
*மணிவிழா வேலைகள்* – ஞாயிறு, 30 ஆகஸ்ட்

*பிறை குமார்*: மாலை 2 ஜோடி, உதிரிப்பூ 2 கிலோ;
ஞாயிறு காலை 7.00, கோயிலில். (ஹோமம் 7.30)
*சரசு அத்தை*: சீர்த்தட்டு 11, ஏந்துவோர் 11 பேர்;
ஞாயிறு காலை 8.30, கோயில் வாசலில்
*கிள்ளான் குமார்*: கே.எல்., கிள்ளான் பெரியவர்களுக்கு
வேன்; இருக்கை வேண்டுவோர் 16 ஆகஸ்டுக்குள் சொல்லவும்
*தேவி*: சனி இரவு தங்க இடம்; 9 ஆகஸ்டுக்குள்
அவருக்குத் தனியே செய்தி அனுப்பவும்
*மாலா*: வாக்கெடுப்பைக் கூட்டி, 17 ஆகஸ்டில்
கேட்டரிங்காரரிடம் எண்ணிக்கை சொல்லுதல்
*ரவி*: டேவான் சாவி, மேசை நாற்காலி;
சனி மாலை 5.00, டேவானில்
```

ரவியின் பெயரும் மாலாவின் பெயரும் அண்ணனின் செய்தியில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். டேவான் சாவியை யார் வாங்குவது, எண்ணிக்கையை யார் கூட்டுவது என்று வரி வரியாகப் பிரித்தபோதுதான் அந்த வேலைகளுக்கு ஆளே இல்லை என்பது தெரிந்தது.

அனுப்புவதற்கு முன்னும் பின்னும்

அனுப்புவதற்கு முன், விசேஷத்தைப் பற்றி இன்னும் அறியாத உறவினர் ஒருவருக்கு அழைப்பை மட்டும் அனுப்பி, ஒரு முறை படித்துவிட்டுக் கைப்பேசியைக் கீழே வைக்கச் சொல்லி, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எங்கே என்று கேளுங்கள். விடை சொல்லத் தயங்கும் இடம் எதுவோ அந்த வரியைத் திருத்துங்கள். அண்ணனிடமும் காட்டி ஒப்புதல் பெற்றுவிடுங்கள்; செய்தி அவர் பெயரில் போவதே முறை.

நம் பிள்ளைகளில் தமிழ் நன்றாகப் பேசுவார்கள், ஆனால் படிக்க வராது என்ற நிலையில் பலர் இருக்கிறார்கள். மலாய்ப் பள்ளியில் படித்த அந்தத் தலைமுறைக்காகத் தேதி, நேரம், இடம் ஆகிய மூன்றையும் மட்டும் மலாயிலோ ஆங்கிலத்திலோ இரண்டு வரியில் எழுதி அழைப்பின் அடியில் சேருங்கள். கண் மங்கிய பாட்டிகளுக்கு அது உதவாது. அவர்களுக்காக அண்ணனின் குரலிலேயே அரை நிமிடப் பதிவு ஒன்றைப் போட்டால் இரு சாராருக்கும் பயன்படும்.

அழைப்பைப் போட்டவுடன் செய்தியை அழுத்திப் பிடித்து, `Pin` என்பதைத் தெரிவு செய்து குழுவின் மேற்பகுதியில் நிறுத்துங்கள். 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று மூன்று கால அளவுகள் வரும். 2 ஆகஸ்டில் போட்டு 30 நாளைத் தெரிவு செய்தால் விசேஷம் முடியும்வரை அது நிற்கும். அதைவிட முன்னதாகவே அறிவித்துவிட்டால் நடுவில் ஒரு முறை மீண்டும் நிறுத்த வேண்டியிருக்கும்.

அனுப்பிய 15 நிமிடத்துக்குள் பிழை தெரிந்தால் அதே செய்தியைத் திருத்தலாம். அதற்குப் பிறகு நேரமோ இடமோ மாறினால், எடுத்தவுடன் முழு அறிவிப்பையும் மீண்டும் அனுப்பாதீர்கள். இரண்டு அழைப்புகளுக்கும் வேறுபாடு தெரியாமல் எல்லாரும் பழையதையே நினைவில் வைத்திருப்பார்கள். "மாற்றம்: மதிய உணவு நண்பகல் 12.00 அன்று, 12.30" என்று மாறியதை மட்டும் முதல் வரியில் சொல்லித் தனிச் செய்தியாகப் போடுங்கள். பிறகு அழைப்பில் அந்த ஒரு வரியைத் திருத்தி, அறிவிப்பு நாளையும் மாற்றிப் புதிதாகப் போட்டு, பழையதை மேலிருந்து எடுத்துவிட்டுப் புதியதை நிறுத்துங்கள். அடியில் உள்ள அறிவிப்பு நாள் இதற்காகத்தான்: வேறு குழுக்களுக்குப் போய்விட்ட பழைய நகலை வைத்துக்கொண்டு ஒருவர் கேட்டால், "உங்களிடம் இருப்பதில் என்ன நாள் போட்டிருக்கிறது?" என்று கேட்டாலே எது பழையது என்பது தெரிந்துவிடும்.

விசேஷத்துக்கு முதல்நாள் மாலை குழுவில் இன்னொரு செய்தி தேவைப்படும். அதில் "ஞாயிறு காலை 8.45க்குள், மாரியம்மன் கோயில், பிறை" என்ற ஒரு வரியும், கோயிலின் வரைபட இணைப்பும், வழி தவறியவர் அழைக்க வேண்டிய ஒருவரின் பெயரும் இருந்தால் போதும். அந்த ஒருவராக அண்ணனைப் போடாதீர்கள். அவர் அந்த நேரத்தில் ஹோமத்தில் உட்கார்ந்திருப்பார்.